பட்டுப்புடவை, ஆறு மணி நேரம் நிற்க வேண்டும்: உயரமும் வேண்டும், பாதமும் எரியக் கூடாது

கொசுவம் | திங்கள், இரவு 9:40

தங்கையின் வரவேற்புக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. மாலை 5 மணிக்கு வாசலில் நிற்க ஆரம்பித்தால் 11 வரை எனக்கு உட்காரும் வேலையே கிடையாது. வருபவர்களை வரவேற்க வேண்டும், மேடைக்கும் வாசலுக்கும் நடக்க வேண்டும்.

என் உயரம் 5 அடி 1 அங்குலம். புடவையின் கரை பெரியது, அதனால் ஹீல்ஸ் இல்லாமல் கட்டினால் கரை பாதி மடங்கிக் கிடக்கும். இருக்கிற செருப்பு மெல்லிய முன்பக்கமும் உயரமான குதிகாலும் உள்ளது. நேற்று வீட்டில் புடவை கட்டி, அதைப் போட்டுக்கொண்டு சமையலறையிலும் கூடத்திலுமாக நடந்து பார்த்தேன். 50 நிமிடத்தில் விரல்களுக்கு அடியில், முன்பாதத்தில், நெருப்பு வைத்தது போல எரிய ஆரம்பித்தது. குதிகாலில் வலியே இல்லை. சரி என்று தட்டையான செருப்புக்கு மாறினேன். உடனே புடவை தரையைக் கூட்டியது, மூன்றாவது அடியில் கொசுவத்தை மிதித்துவிட்டேன்.

உயரம் குறையாமல் எரிச்சலை மட்டும் குறைக்க வழி உண்டா?

மாலைநேரம் | திங்கள், இரவு 10:05

புடவை என்ன நிறம்? கரையில் பழைய தங்கச் சாயல் இருந்தால் பளபளக்கும் தங்கச் செருப்பு எடுபடாது. மங்கலான தங்கம் அல்லது செம்பு நிறம் பாருங்கள். கல் வைத்ததைத் தவிர்ப்பது நல்லது, நகையோடு போட்டி போடும்.

கொசுவம் | திங்கள், இரவு 10:11

நன்றி தோழி, நிறம் முடிவாகிவிட்டது. எனக்குக் கால்தான் பிரச்சினை.

சமதளம் | திங்கள், இரவு 10:30

ஹீல்ஸையே விட்டுவிடுங்கள். நான் பத்து வருடமாக எல்லா விசேஷத்துக்கும் ஜுட்டிதான் போடுகிறேன், ஒரு நாளும் கால் வலித்ததில்லை. குதிகால் உயர்ந்தால் உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு முன்பாதத்துக்கு வந்துவிடும், அதுதான் எரிகிறது. புடவையை இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டினால் போதும். நின்றுகொண்டே இருந்தால் கால் வீங்கும், அதனால் எதை வாங்கினாலும் ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள்.

அச்சுக்கட்டை | செவ்வாய், காலை 6:50

நான் செருப்புப் பட்டறையில் அளவெடுத்து வெட்டுகிற வேலையில் 20 வருடத்துக்கு மேல் இருக்கிறேன். கொசுவம் சொன்னதில் முக்கியமான குறிப்பு ஒன்று இருக்கிறது: எரிகிற இடம் முன்பாதம், குதிகால் அல்ல. சமதளம் காரணத்தைச் சரியாகச் சொன்னார். ஆனால் அதற்காக உயரத்தையே விட வேண்டியதில்லை.

உங்கள் புடவைக்கு வேண்டியது உயரம். உங்கள் காலைச் சுடுவது சரிவு. கடையில் இரண்டையும் சேர்த்து ‘மூன்று இஞ்ச் ஹீல்’ என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள். குதிகாலுக்கு அடியில் எவ்வளவு கனம், முன்பாதத்துக்கு அடியில் எவ்வளவு கனம், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சரிவு. பின்னால் 3 அங்குலம், முன்னால் கால் அங்குலம் என்றால் பாதம் 2¾ அங்குலச் சரிவில் நிற்கிறது. பின்னால் அதே 3 அங்குலம், முன்னால் 1 அங்குலம் என்றால் சரிவு 2 அங்குலம்தான். புடவைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. காலுக்கு ஒன்றே அல்ல.

ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் செருப்பை அளந்து சொல்லுங்கள். வெளியே தெரிகிற சோலை மட்டும் அளந்தால் தப்பு வரும். சில செருப்பில் முன்பக்கக் கனம் வாருக்கு உள்ளே மறைந்திருக்கும், சிலவற்றில் ஓரம் உயர்ந்து நடுவில் குழிவாக இருக்கும். பாதம் படுகிற இடத்திலிருந்து தரை வரை அளக்க வேண்டும்.

கொசுவம் | செவ்வாய், மாலை 7:15

அளந்தேன் அண்ணா. பின்னால் 3¼, முன்னால் கால் அங்குலம். அப்படியென்றால் சரிவு 3 அங்குலம்! இதை இதுவரை யாரும் சொல்லவில்லை.

இன்று மாலை கடைக்குப் போய் ஸ்கேலோடு நின்றேன். இரண்டு பிடித்திருக்கிறது.

முதலாவது வெட்ஜ். பின்னால் 3, முன்னால் 1¼. அடிப்பாகம் முழுக்க ஒரே கட்டையாக இருக்கிறது, விரல்மேல் ஒரு அகல வார், குதிகாலைச் சுற்றி ஒரு எலாஸ்டிக்.

இரண்டாவது பிளாக் ஹீல். பின்னால் 2½, முன்னால் அரை அங்குலம். கணுக்காலில் பக்கிள் வைத்த வார்.

வெட்ஜில் சரிவு 1¾, பிளாக் ஹீலில் 2. அப்படியானால் வெட்ஜ்தானே?

அச்சுக்கட்டை | புதன், காலை 6:35

சரிவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள்.

முதலில், வெட்ஜை மேசைமேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கனமான சோல் வளையாது. நாம் நடக்கும்போது விரல் மூட்டில் பாதம் மடங்கியாக வேண்டும். சோல் வளையாவிட்டால் அது உருண்டாவது கொடுக்க வேண்டும், அதற்காக நுனி தரையை விட்டுக் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். நுனிக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற இடம் இருந்தால் நல்லது. நுனி முழுக்கத் தரையோடு படிந்திருந்தால் அதில் நடப்பது பலகையைக் காலில் கட்டி நடப்பது மாதிரி. படியேறும்போது நுனி தட்டும், புடவையோடு சேர்ந்து தடுக்கும்.

இரண்டாவது, ஆட்டம். மேசைமேல் வைத்துக் குதிகால் பக்கத்தின் மேல்புறத்தை ஒரு விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். டக் டக் என்று ஆடினால் அதை வைத்துவிடுங்கள். அந்த ஆட்டத்தை ஆறு மணி நேரமும் உங்கள் கணுக்கால்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது ஹீல் உங்கள் குதிகாலுக்கு நேர் அடியில் இருக்கிறதா, பின்னுக்குத் தள்ளி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவதுதான் பலரும் விடுவது: வார் எங்கே பிடிக்கிறது? சரிவான இடத்தில் நிற்கும் கால் முன்னுக்கு வழுக்கத்தான் செய்யும். விரல்மேல் மட்டும் வார் இருந்தால் விரல்கள் அந்த வாருக்குள் ஆப்பு மாதிரி போய் இறுகும். நீங்கள் எரிச்சல் என்று சொல்வதில் பாதி இந்த நெரிசலாகவும் இருக்கலாம். கணுக்காலை ஒட்டிப் புறங்காலின் மேல் வார் இருந்தால் பாதத்தைப் பின்னால் பிடித்து வைக்கும். கடைக்குள் பத்து நிமிடம் நடந்துவிட்டு நின்று பாருங்கள். குதிகாலுக்குப் பின்னால் புதிதாக இடைவெளி விழுந்திருந்தால் வார் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எலாஸ்டிக் வார் முதல் ஒரு மணி நேரம் பிடிக்கும், சூடேறித் தளர்ந்த பிறகு பிடிக்காது. பக்கிள் என்றால் ஒரு துளை முன்பின் மாற்றிக்கொள்ளலாம்.

சமதளம் சொன்ன ‘ஒரு அளவு பெரிது’ தட்டைச் செருப்புக்கு ஓரளவு சரி. ஹீல்ஸில் அது ஆபத்து. பெரிய செருப்பில் கால் இன்னும் வேகமாக முன்னுக்கு ஓடும். கால் வீங்குவது உண்மை, அதற்கு மாலையில் போய் வாங்குங்கள், பெரிய பாதம் எதுவோ அதை வைத்து அளவெடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு பாதமும் ஒரே அளவாக இருக்காது.

சமதளம் | புதன், காலை 9:20

அளவு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், ஹீல்ஸ் போடாததால் எனக்கு அது தெரியாது. ஆனால் ஜுட்டியை நீங்கள் தொடவே இல்லையே. தட்டையாக இருப்பதைவிட எந்தச் சரிவும் நல்லதாக இருக்க முடியுமா?

அச்சுக்கட்டை | புதன், மதியம் 1:10

உங்களுக்கு முடியாது, பத்து வருடமாகத் தட்டையிலேயே நடக்கிறீர்கள். தினமும் ஒரு அங்குலம் உயர்ந்த செருப்பில் நடப்பவர் திடீரென்று முழுத் தட்டைக்கு வந்தால் கெண்டைக்காலும் உள்ளங்காலும் இழுபடும், மறுநாள் காலை முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தும். ஜுட்டியின் சோல் பெரும்பாலும் மெல்லிய தோல் அடுக்கு, கல் தரையில் மணிக்கணக்கில் நின்றால் அதிர்ச்சியைத் தாங்க அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் பின்பக்கம் தளர்வாக இருந்தால் செருப்பு கழன்றுவிடாமல் இருக்க விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டே நடப்போம், நமக்கே தெரியாது. அன்று இரவு விரல் அடியில் பிடித்து இழுத்தால் காரணம் அதுதான்.

வேட்டிக்கரை | புதன், இரவு 8:45

ஜுட்டி பேச்சு வந்ததால் என் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். நண்பன் திருமணத்துக்கு ஷெர்வானியோடு போட மோஜரி வாங்கினேன். கூரிய முனை, தோல் சோல். வீட்டில் அரை மணி நேரம் போட்டதற்கே குதிகாலின் பின்புறம் தோல் உரிந்துவிட்டது. பளிங்குத் தரையில் வேறு வழுக்குகிறது. இடது வலது எது என்றே தெரியவில்லை, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன.

அச்சுக்கட்டை | வியாழன், காலை 6:40

குழப்பம் உங்களுடையது அல்ல. பழைய முறையில் செய்த மோஜரிக்கும் ஜுட்டிக்கும் இடது வலது கிடையாது. போடப் போடத் தோல் பாதத்தின் வடிவத்துக்கு வரும். அதனால் முதல் நாளே ஒரு பாதத்துக்கு ஒன்று என்று முடிவு செய்து, உள்ளே சின்னதாக அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டும் எந்தப் பாதத்துக்கும் படியாது.

குதிகாலில் உரிவது பின் விளிம்பு விறைப்பாக இருப்பதால். அந்த விளிம்பை விரல்களுக்கு இடையில் வைத்து முன்னும் பின்னும் மடக்கி மடக்கி விடுங்கள். தடித்த காலுறை போட்டுக்கொண்டு தினமும் 20 நிமிடம் வீட்டில் நடங்கள், ஒரு வாரத்தில் இளகும். தண்ணீரில் நனைத்து இளக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் அடுக்குகள் பிரிந்துவிடும். வழுக்குவதற்கு, பக்கத்தில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து முன்பாதத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டிக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சோலை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம், ஆனால் அது ஒரு நாள் தாங்கும், அவ்வளவுதான்.

வெண்தாழை | வியாழன், காலை 11:00

என் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, பாதத்தில் உணர்ச்சி குறைவு. போன வருடம் ஒரு விசேஷத்துக்குப் புதிதாக வாங்கிய கல் பதித்த செருப்பைப் போட்டுக்கொண்டார். இரவு கழற்றியபோதுதான் சுண்டுவிரல் பக்கத்தில் பெரிய கொப்புளம் உடைந்திருப்பதைப் பார்த்தோம். அவருக்கு ஒரு வலியும் தெரியவில்லை. ஆற ஐந்து வாரம் ஆனது. இப்போது அடுத்த விசேஷம் வருகிறது. அவருக்கு எந்த வகை சரி?

காலைமருந்து | வியாழன், மதியம் 3:30

நான் செவிலியர். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு ‘வலித்தால் கழற்றிவிடுவோம்’ என்ற கணக்கு உதவாது, வலி வராது. அம்மாவுக்குப் புதுச் செருப்பே வேண்டாம். அவர் தினமும் போட்டுப் பழகிய, முன்பக்கம் மூடிய, உள்ளே தையல் துருத்தாத செருப்பையே போடட்டும். புடவை நீளத்தில் அது யார் கண்ணிலும் படாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்கள் கழற்றிப் பாதத்தைக் கண்ணால் பாருங்கள், சிவந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். செருப்புக்குள் கையை விட்டுத் தடவிவிட்டுப் போட்டுவிடுங்கள், சின்னக் கல் கிடந்தாலும் அவருக்குத் தெரியாது. முன்பு புண் வந்த பாதம் என்பதால், விசேஷத்துக்கு முன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது அவசியம்.

ஓட்டக்காரி | வியாழன், இரவு 9:15

யார் கண்ணிலும் படாது என்றால் ஸ்போர்ட்ஸ் ஷூவே போடலாமே? என் அக்கா மகள் வரவேற்புக்கு நான் அப்படித்தான் போனேன். கடைசி வரை நின்றேன்.

மாலைநேரம் | வியாழன், இரவு 9:40

உட்காரும்போது தெரியும், படி ஏறும்போது தெரியும், புகைப்படத்தில் கட்டாயம் தெரியும். பட்டுக்கு அடியில் ஷூ எட்டிப் பார்த்தால் கண் அங்கேதான் போகும். எனக்கு மனம் வராது.

ஓட்டக்காரி | வியாழன், இரவு 9:52

ஒரு புகைப்படத்திலும் தெரியவில்லை. புடவையை ஷூ போட்டுக்கொண்டே கட்ட வேண்டும், அது ஒன்றுதான்.

கொசுவம் | சனி, மாலை 6:20

பிளாக் ஹீல் வாங்கிவிட்டேன். வெட்ஜின் நுனி தரையோடு படிந்திருந்தது, அண்ணா சொன்ன மாதிரி படியில் இரண்டு முறை தட்டியது. சரிவில் கால் அங்குலம் அதிகம் என்றாலும் பக்கிள் வார் நன்றாகப் பிடிக்கிறது. ஹீலும் ஆடவில்லை.

இன்று 70 நிமிடம் நின்றேன். எரிச்சல் இருக்கிறது, ஆனால் பழைய செருப்பில் 50 நிமிடத்தில் இருந்த அளவுதான். முன்பாதத்துக்கு அடியில் ஜெல் பேட் ஒட்டினேன், அதில் ஒன்றும் குறையவில்லை, விரல்கள் வாரில் இன்னும் இறுகின. சுண்டுவிரல் ஓரத்தில் சிவந்திருக்கிறது. வாஸலின் தடவினால் போதுமா?

அச்சுக்கட்டை | ஞாயிறு, காலை 7:30

ஜெல் பேடை எரிகிற இடத்துக்கு நேர் அடியில் ஒட்டியிருக்கிறீர்கள், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அங்கே ஏற்கனவே இடம் இல்லை. எரிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், உள்ளங்கால் குழிவு தொடங்குகிற இடத்தில் துளி வடிவத்தில் சின்ன மேடு மாதிரி ஒரு பேட் வைக்க வேண்டும். அது பாரத்தைக் கொஞ்சம் பின்னாலேயே வாங்கிக்கொள்ளும். இடம் கண்டுபிடிக்க, எரிகிற இடத்தில் லிப்ஸ்டிக் தடவிச் செருப்பைப் போட்டு ஒரு அடி வைத்து நில்லுங்கள். உள்ளே கறை விழும். பேடின் முன் விளிம்பு அந்தக் கறைக்குப் பின்னால் முடிய வேண்டும். ஒட்டியபின் காலடியில் கூழாங்கல் இருப்பது போல உறுத்தினால் இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளுங்கள்.

சுண்டுவிரல் சிவப்பு செருப்பைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் மறைந்தால் அது வெறும் அழுத்தம். அரை மணி நேரம் கழித்தும் இருந்தால் விசேஷத்தன்று கொப்புளம் அங்கேதான் வரும்.

காலைமருந்து | ஞாயிறு, காலை 10:10

வாஸலின் முதல் ஒரு மணி நேரம் வழவழப்பாக இருக்கும். அதன்பின் தேய்ந்துபோய், தோல் ஊறி மென்மையாகி, உராய்வு கூடத்தான் செய்யும். ஆறு மணி நேரத்துக்கு அதை நம்ப வேண்டாம். மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்பை, சிவக்கிற இடத்தில் காலையிலேயே, கால் காய்ந்திருக்கும்போது, சுருக்கமில்லாமல் ஒட்டிவிடுங்கள். வியர்த்த பிறகு ஒட்டினால் நிற்காது.

ஓட்டக்காரி | ஞாயிறு, காலை 10:45

நான் ஓடும்போது வாஸலின்தான், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இடையில் மறுபடி தடவிக்கொண்டால் போதும்.

காலைமருந்து | ஞாயிறு, காலை 11:02

மறுபடி தடவ இடம் இருந்தால் சரி. பட்டுப்புடவையோடு மண்டபத்தில் எங்கே உட்கார்ந்து தடவுவது? கை எண்ணெய் ஜரிகையில் பட்டால் கறை வேறு.

அச்சுக்கட்டை | ஞாயிறு, மதியம் 12:30

இன்னொன்று. மாற்றுச் செருப்பு எடுத்துப் போவீர்கள் என்று நினைக்கிறேன். தட்டையானதை எடுத்துப் போனால் முதல் நாள் நடந்ததுதான் மறுபடி நடக்கும். இரண்டுக்கும் பின் உயரம் அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது. புடவையை இரண்டில் குட்டையானதைப் போட்டுக்கொண்டு கட்டுங்கள். உயரமானதைப் போடும்போது விளிம்பு அரை அங்குலம் மேலே நிற்கும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். மறுபுறமாகச் செய்தால் மிதிப்பீர்கள்.

கொசுவம் | மூன்று வாரம் கழித்து, திங்கள், இரவு 8:00

நேற்று முடிந்தது. எல்லாருக்கும் சொல்லியே ஆக வேண்டும்.

4:45க்குச் செருப்பைப் போட்டேன். பின்னால் ஒட்டிய பேட் உண்மையிலேயே வேலை செய்தது, 7:30 வரை எரிச்சல் என்ற நினைப்பே வரவில்லை. ஒரு விஷயம் நானாகக் கண்டுபிடித்தேன்: நடக்கும்போது வலி குறைகிறது, வாசலில் அசையாமல் நிற்கும்போதுதான் ஏறுகிறது. அதனால் ஒவ்வொருவரை வரவேற்கும்போதும் நாலு அடி கூட நடந்து உள்ளே விட்டுவிட்டு வந்தேன். 8:15க்கு மாற்றுச் செருப்பு, பின்னால் 2 அங்குல வெட்ஜ், முன்னால் 1. அதைப் போட்டுக்கொண்டுதான் புடவை கட்டியிருந்தேன். ஒரு முறைகூடக் கொசுவத்தை மிதிக்கவில்லை. டேப் ஒட்டிய சுண்டுவிரல் அப்படியே இருக்கிறது.

தப்பு நடந்தது ஒன்று. பிளாக் ஹீலின் பக்கிள் முள் வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. மேடைப் படி ஏறும்போது கரையின் ஜரிகை அதில் மாட்டி ஒரு இழை இழுத்துவிட்டது. ஃபால்ஸ் தைத்த இடத்துக்கு மேலே ஆனதால் வெளியே தெரிகிறது. கொலுசும் அந்த வாருக்கு அடியில் மாட்டி அழுத்தியது, பாதியில் கழற்றிவிட்டேன்.

அச்சுக்கட்டை | செவ்வாய், காலை 6:45

பக்கிளை நான் சொல்லியிருக்க வேண்டும். வாங்கும்போதே பழைய நைலான் காலுறையை வாரின் மேல், பக்கிளின் மேல் இழுத்துப் பார்த்தால் எங்கே மாட்டும் என்று தெரிந்துவிடும். கல் பதித்த வாருக்கும் இதே சோதனைதான். இழுபட்ட இழையை வெட்ட வேண்டாம், ஊசியால் உள்பக்கம் இழுத்துவிடச் சொல்லி நல்ல தையல்காரரிடம் கொடுங்கள். ஹீல் அடியில் இருக்கிற சின்ன ரப்பர் துண்டையும் பாருங்கள், ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் அடுத்த முறை போடும் முன் மாற்றிவிடுங்கள்.

பாவாடைதாவணி | செவ்வாய், மதியம் 2:20

இந்த இழையை முழுக்கப் படித்தேன். என்னுடையது லெஹெங்கா, 4 அங்குல ஹீல் போட்டு அளவெடுத்துத் தைத்துவிட்டார்கள். புடவை மாதிரி மறுபடி கட்ட முடியாது. சரிவு 3½ வருகிறது. என்ன செய்வது?

அச்சுக்கட்டை | செவ்வாய், இரவு 9:00

4 அங்குல உயரத்தைப் பிளாட்ஃபார்மில் பிடிக்க வேண்டுமென்றால் சரிவை 2க்குக் கொண்டுவர முன்னால் 2 அங்குலம் வேண்டும். அவ்வளவு கனத்தில் தரை காலுக்குத் தெரியாது, கணுக்கால் புரண்டுவிடும், நான் சொல்ல மாட்டேன். தையல்காரரிடம் போய் இடுப்பிலிருந்து ஒரு அங்குலம் ஏற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். கீழ்ப்பக்கம் வேலைப்பாடு இருந்தால் அங்கே கை வைக்க விடாதீர்கள். ஒரு அங்குலம் ஏறினால் பின்னால் 3, முன்னால் 1 போதும். போகும்போது அந்தச் செருப்பைக் கையோடு எடுத்துப் போய், போட்டுக்கொண்டு நின்று அளவு கொடுங்கள்.